நித்திரைக்கு முன் பூனை ஏன் போர்வையைப் பிசைகிறது?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் இரவு ஒன்பதரை ஆனதும் சீனி வேலையைத் தொடங்கிவிடும். சீனி எங்கள் பூனை. கனடாவிலிருந்து மாமி கொண்டுவந்த தடித்த பிளாங்கட் ஒன்று எங்கள் கட்டிலின் கால்மாட்டில் மடித்துக் கிடக்கிறது. கொழும்புச் சூட்டுக்கு அதை மனிதர் எவரும் போர்த்துவதில்லை என்பதால் சொத்துரிமை சீனிக்குப் போய்விட்டது. அதன்மேல் ஏறி, ஓரிடத்தை மோந்து பார்த்து, முன்னங்கால்கள் இரண்டையும் மாறி மாறி அழுத்தத் தொடங்கும். வலது, இடது, வலது, இடது. அழுத்தும்போது விரல்கள் பூப்போல விரியும். இழுக்கும்போது மடங்கும், நக நுனி பிளாங்கட்டின் நூலில் கொளுவி "டிக்" என்று விடுபடும். கண் பாதி மூடியிருக்கும். தொண்டையில் கர்ர் என்ற சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சில நாட்களில் வாயோரம் எச்சிலும் துளிர்க்கும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து ஒரு சுற்றுச் சுற்றி, வாலை மூக்கடியில் செருகிக்கொண்டு நித்திரை.

இது ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும். கீழ்வீட்டு அன்ரி, "தாயிட்ட இருந்து நேரத்தோட பிரிச்சுப்போட்டியள் பிள்ளை, அந்த ஏக்கம்தான்" என்றார். என் மகன், "படுக்கையைத் தட்டி மெத்தை ஆக்குது அம்மா" என்றான். என் கணவருக்கு அது "தன்ர மணத்தைப் பூசுது." பால்மா வாங்கும் கடையில் நின்ற ஒருவர், விஷயத்தை முழுதாகக் கேட்காமலே, "நகம் தீட்டுது தங்கச்சி" என்று முடித்துவிட்டார். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால் நான் இதை லேசில் விடவில்லை. நாலு விளக்கமும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆதாரம் கூடிய விளக்கம் ஒன்று இருக்கிறது. அது போர்வையில் தொடங்குவதில்லை, பாலில் தொடங்குகிறது. அதனால் பூனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குப் போவோம்.

## கன்று மடியை முட்டுவது எதற்கு?

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் ஒரு பசு நின்றது. விடியப்புறம் பால் கறக்கும் முன் அம்மம்மா கன்றை அவிழ்த்துவிடுவார். கன்று ஓடிவந்து காம்பைப் பிடித்து நாலு இழுவை இழுக்கும். பிறகு வாயை எடுத்து, தலையால் மடியில் ஒரு முட்டு. திரும்ப இழுவை, திரும்ப முட்டு. கொஞ்ச நேரத்தில் காம்புகள் திரண்டு, கன்றின் வாயோரம் நுரை தள்ளும். "சுரப்பு விட்டிட்டுது" என்று சொல்லி, கன்றை இழுத்துப் பக்கத்தில் கட்டிவிட்டு, அம்மம்மா செம்போடு குந்துவார்.

ஒருநாள் அவசரத்தில் கன்றை விடாமலே கறந்தார்கள். மடி நிறையப் பால் இருந்தது, கைக்கு வந்ததோ அரைச் செம்பு. இன்னொரு நாள் தெருநாய் கொட்டிலுக்குள் புகுந்து மாட்டை வெருட்டியது. கன்று முட்டியும் பால் சரியாக வரவில்லை. "பாலை அடக்கிப்போட்டுது" என்றார் அம்மம்மா. புத்தகம் திறக்காதவருக்கு இந்த இரண்டு விஷயமும் தெரிந்திருந்தன: பால் இருப்பது வேறு, பால் இறங்குவது வேறு. இறங்குவதற்கு முதலில் தொடுகை வேண்டும், அச்சம் இருக்கக்கூடாது.

## மடி ஒரு போத்தல் அல்ல

சூப்பிப் போத்தலில் குடிக்கும் குழந்தையைப் பார்த்துப் பழகியதால், தாயின் மார்பும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்: உள்ளே ஒரு தொட்டி, நுனியில் ஒரு துவாரம், உறிஞ்சினால் வரும். அப்படியல்ல. பால் தொட்டியில் நிற்பதைவிட, துருவிய தேங்காய்ப்பூவில் நிற்பதற்குக் கிட்ட. தேங்காய்ப்பூவில் பால் இருக்கிறது, ஆனால் சட்டியைச் சரித்தால் ஓடி வராது. யாராவது பிழிய வேண்டும்.

பிழிவது யார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. பால் சுரப்பிக்குள் மிகச் சிறிய பைகள் திராட்சைக் குலைபோலத் தொங்குகின்றன. பால் அந்தப் பைகளுக்குள் சேர்கிறது. ஒவ்வொரு பையையும் சுற்றி, சுருங்கக்கூடிய கலங்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. அந்த வலை இறுகினால் பை நசுங்கும், பால் குழாய் வழியாகக் காம்புக்கு இறங்கும். ஆகவே பிழிகிற கை தாயின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. குட்டி செய்வது அந்தக் கைக்குச் சொல்லி அனுப்புவது மட்டும்தான்.

சொல்லி அனுப்பும் வழி கொஞ்சம் சுற்றுப்பாதை. காம்பிலும் அதைச் சுற்றியும் குட்டியின் வாயும் உடம்பும் படும்போது, அங்குள்ள நரம்புகள் மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி கொண்டுபோகின்றன. அங்கே தொங்கும் கபச்சுரப்பி, ஒக்ஸிடோசின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகிறது. ஓமோன் என்பது ஓர் உறுப்பிலிருந்து புறப்பட்டு, இரத்தத்தோடு போய், வேறோர் உறுப்பை வேலை செய்ய வைக்கும் பொருள். ஒக்ஸிடோசின் சுரப்பிக்கு வந்து சேர்ந்ததும் வலை இறுகுகிறது, பால் வருகிறது. இந்த முழு நிகழ்வுக்கும் பால் இறக்கம் என்று பெயர். அம்மம்மா சொன்ன "சுரப்பு விட்டிட்டுது" இதுதான். மாடு வெருண்டால் பால் நிற்பதற்கும் காரணம் இந்தச் சுற்றுப்பாதைதான். பயத்தில் பாயும் வேறோர் ஓமோன், அதிரினலின், குறுக்கே வந்து விடுகிறது.

நரம்பு வழியாகப் போய் இரத்தம் வழியாகத் திரும்பி வருவதால், கேட்ட உடனே பால் வராது. மாட்டில் இதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கும். இந்த இடைவெளியை மனதில் வையுங்கள், பூனைக்கு வரும்போது உதவும். அதாவது பால் வருவதற்கு முன்பே, பால் இல்லாமலே, சலிக்காமல் வேலை செய்கிற குட்டிதான் வயிறு நிறையும். பன்றிக் குட்டிகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அவை வரிசையாகப் படுத்து மூஞ்சியால் தாயின் மடியை நிமிடக்கணக்காகத் தேய்க்கும். பால் பாய்வதோ சில விநாடிகள் மட்டும். உழைப்பு நிமிடக் கணக்கு, கூலி விநாடிக் கணக்கு.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இது: உறிஞ்சுவது மட்டும் போதாது, தாயின் உடம்பைத் தொட்டுத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கன்று தலையால் கேட்கிறது, பன்றிக்குட்டி மூஞ்சியால் கேட்கிறது.

## பூனைக்குட்டி காலால் கேட்கிறது

பிறந்த பூனைக்குட்டி சுமார் 100 கிராம்தான் இருக்கும். ஒரு கட்டிச் சவர்க்காரத்தின் பாரம். கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும். கண் திறக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நிற்கத் தெரியாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. இந்த நிலையில் அதனிடம் இருப்பவை மூன்று: சூட்டை உணரும் மூக்கும் தோலும், மணம், தொடுகை. இவற்றை வைத்துக்கொண்டு தாயின் வயிற்றுக்கு நீந்துவதுபோல ஊர்ந்து வந்து, மயிருக்குள் தலையை இடம் வலமாக ஆட்டிக் காம்பைத் தேடும்.

தாய்ப்பூனைக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள், நாலு சோடி. முதல் சில நாட்களுக்குள்ளேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பில் கதிரை பிடிப்பது மாதிரித்தான், மாறி உட்கார்ந்தால் சண்டை. பிறந்த குட்டியால் நகத்தை உள்ளே இழுக்க முடியாது, அதனால் சண்டை என்றால் கண்ணுக்குக் கிட்டவே கீறல் விழும். ஆளுக்கொரு இடம் என்றால் அந்த ஆபத்தும் குறைகிறது.

இடம் கிடைத்ததும் குட்டி காம்பை வாயில் வைத்துக்கொண்டு, அதன் இரு பக்கமும் முன்னங்கால்களை ஊன்றும். பிறகு மாறி மாறி அழுத்தும். விரல் விரியும், மடங்கும். வலது, இடது, வலது, இடது. ஆம், பிளாங்கட்டில் பார்த்த அதே அசைவு. கன்றுக்கு முட்டு எதுவோ அதுவே பூனைக்குட்டிக்கு இந்தப் பிசைவு. வாயும் காலும் சேர்ந்து பால் இறக்கத்தைக் கேட்கின்றன.

இந்த நேரத்தில் வேறு இரண்டு விஷயங்களும் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, சில நாள் வயதிலேயே குட்டி கர்ர் என்று ஒலி எழுப்பத் தொடங்கிவிடும். மியாவ் என்று கத்த வாயை எடுக்க வேண்டும், கர்ருக்கு வேண்டாம். வாயில் காம்பு இருக்கும்போதே "இங்கே எல்லாம் சரி" என்று தாய்க்குத் தெரிவிக்க அது வசதி. மற்றது நித்திரை. பால் இறங்கி, வயிறு நிறைந்து, சூடும் சேர்ந்தால் குட்டி அப்படியே சாய்ந்துவிடும். பல சமயம் காம்பு வாயில் இருக்கும்போதே.

பிசை, கர்ர், பால், சூடு, நித்திரை. முதல் வாரங்களில் குட்டியின் நாள் இந்த வரிசையைத் தவிர வேறொன்றும் இல்லை.

## பால் மறந்த பிறகும் கால் மறக்காதது ஏன்?

நாலு வாரம் அளவில் குட்டி மெல்லத் தீனி தின்னப் பழகும். எட்டு வாரத்தில் பெரும்பாலும் பால்குடி நின்றுவிடும். சீனிக்கு இப்போது ஆறு வயது. பால் குடிக்கிற வயதா? இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை.

இங்கேதான் பலர் வழுக்கிவிடுகிறார்கள். "அது பிளாங்கட்டைத் தாய் என்று நினைக்கிறது" என்பார்கள். பூனை அவ்வளவு மோட்டு மிருகம் அல்ல. 2022இல் கொழும்பில் மின்வெட்டு நாட்களை நினைத்துப் பாருங்கள். கரன்ட் இல்லை என்று தெரியும். கையில் மெழுகுதிரி எரிகிறது. ஆனாலும் குளியலறைக் கதவைத் தள்ளியதும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். கரன்ட் இருக்கிறது என்று அந்தக் கை நம்பியதா? நம்பிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. கதவு, இருட்டு, சுவரின் அந்த இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கை எழும்பும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு செயலைக் கிளப்பிவிடும் சூழல் அடையாளத்தைத் தூண்டல் என்று சொல்வோம். குட்டியின் பிசைவுக்குத் தூண்டல் எது? பால் அல்ல. பிசைவு பாலுக்கு முன் வரவேண்டியது என்று பார்த்தோம். பால்தான் தூண்டல் என்றால் அது தொடங்கவே மாட்டாது. காலுக்கடியில் மெத்தென்று அமுங்கும் ஒன்று, கொஞ்சம் சூடு, மயிர் போன்ற தொடுகை, பழகிய மணம் ஆகியவைதான் தூண்டல். இப்போது மாமியின் பிளாங்கட்டைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கும். குட்டை மயிர்போல மேற்பரப்பு. சூட்டைப் பிடித்து வைக்கும். எங்கள் எல்லாருடைய மணமும் அதில் ஊறியிருக்கிறது. தாய்ப்பூனையின் வயிற்றைப் போல ஒன்றைச் செய்து தரச் சொன்னால் தொழிற்சாலை இதைத்தான் செய்து தரும்.

இரண்டாவது விஷயம், வரிசையின் மறுமுனை. பிசைவின் முடிவில் வாரக்கணக்காக ஒவ்வொரு நாளும் பலமுறை வந்தது நிறைந்த வயிறும் நித்திரையும். ஒன்றின் பின் ஒன்றாக எப்போதும் வருபவை உடம்பில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் மாடியில் ஒரு சின்னப் பெடியன் அம்மாவின் சேலைத் தலைப்பை விரலிடையில் உருட்டினால்தான் நித்திரை கொள்வான். அம்மா ஊருக்குப் போன கிழமை பழைய சேலைத் துண்டொன்றைக் கொடுத்தார்கள், வேலை செய்தது. துணி அம்மா இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் விரல் உருட்டத் தொடங்கியதும் உடம்பு "இனி நித்திரை" என்று தளர்ந்துவிடுகிறது. சீனியின் வாயில் துளிர்க்கும் எச்சிலும் இந்த வகைதான். கால் வேலையைத் தொடங்கிவிட்டது, வாய் பாலுக்கு ஆயத்தமாகிறது.

பெரிதான பிறகும் இது ஏன் தேய்ந்து போகவில்லை என்ற கேள்வி மிஞ்சும். வீட்டுப் பூனைக்கு வாழ்நாள் முழுதும் ஒருவர் சாப்பாடு வைக்கிறார், தடவிக் கொடுக்கிறார், சூடான இடம் தருகிறார். பாதிக் குட்டியாகவே இருப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது மிகக் குறைவு. அதுவும் தாயிடம் குட்டி கேட்கும் குரல், எங்களிடம் மட்டும் விடாமல் வைத்திருக்கின்றன. பிசைவையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். குட்டிக் காலத்துப் பழக்கம் வளர்ந்த பிறகும் தொடர்வதை இளமை நீட்சி என்பார்கள்.

சுருக்கமாக, தொடக்கத்தில் மென்மையும் சூடும் மணமும், நடுவில் பிசைவு, முடிவில் நித்திரை. நடுவிலிருந்த பால் கழன்றுவிட்டது, மற்றவை அப்படியே கோர்த்துக் கிடக்கின்றன.

## எட்டு இரவுகள், நாலு துணிகள்

இந்த விளக்கம் சரியென்றால், கட்டிலின் அதே மூலையில் வேறு துணிகளைப் போட்டால் சீனியின் நடத்தை மாற வேண்டும். விடுமுறைக் காலத்தில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரவு.

முதலில் பன்பாய். சீனி அதில் ஏறியதும் பிசையவில்லை. முதுகை நீட்டி, நகத்தை முழுதாக வெளியே எடுத்து, பாயைச் சரசரவென்று தன் பக்கம் இழுத்துக் கீறியது. பிறகு இறங்கிப்போய் தரையோட்டில் படுத்துக்கொண்டது. கடையில் நின்றவர் சொன்ன "நகம் தீட்டுதல்" இதுதான். பிசைதல் இதிலிருந்து எவ்வளவு வேறு என்பது அன்றைக்கு வடிவாகத் தெரிந்தது. கீறுவதற்கு விறைப்பான பொருள் வேண்டும், பிசைவதற்கு அமுங்குகிற பொருள் வேண்டும். கீறும்போது கண் விழித்திருக்கும், பிசையும்போது கண் சொருகும்.

அடுத்து பருத்தி விரிப்பு. ஒற்றையாக விரித்த இரவு ஒன்றும் நடக்கவில்லை. எட்டாக மடித்துத் தடிப்பாக்கிய இரவு கொஞ்ச நேரம் பிசைந்தது. மூன்றாவது, கணவர் இரண்டு நாள் உடுத்திய பழைய சாரம். மெல்லிய துணிதான், ஆனாலும் மோந்து பார்த்துவிட்டுப் பிசைந்தது. அதையே தோய்த்துப் போட்ட இரவு வெறுமனே ஏறிப் படுத்துவிட்டது. கடைசியாக மாமியின் பிளாங்கட். இரண்டு இரவும் முழு நிகழ்ச்சி, எச்சில் உட்பட. இரண்டாம் இரவு நடுவில் கீழே வீதியில் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். கால் அந்தரத்தில் நின்றது, காது பின்னால் மடிந்தது, கர்ர் அறுந்தது. கால் மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பத் தொடங்கியது. வெருண்ட பசு பாலை அடக்கியது போல, வெருண்ட பூனை பிசைவை அடக்குகிறது.

ஒரு பூனை, எட்டு இரவு. இதை வைத்து யாரும் சட்டம் எழுத முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலும் செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

## மற்ற விளக்கங்களின் கணக்கு

அன்ரியின் விளக்கத்தை முதலில் எடுக்கிறேன், அதுதான் மனிதரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவது. தாயிடமிருந்து முந்திப் பிரித்தால் பூனையின் குணத்தில் பாதிப்பு வரலாம் என்பது சரி. பின்லாந்தில் ஆயிரக்கணக்கான பூனைகளின் சொந்தக்காரரிடம் விவரம் கேட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு, எட்டு வாரத்துக்கு முன் பிரித்த பூனைகளிடம் ஆக்ரோஷம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆகவே குட்டியை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். ஆனால் பிசைவு அதற்கு அடையாளம் அல்ல. தாயோடு மாதக்கணக்காக இருந்து, தானாகப் பால்குடி மறந்த பூனைகளும் நன்றாகப் பிசைகின்றன. அன்ரி குழப்பிக்கொள்வது வேறொன்றை: துணியை வாயில் வைத்துச் சூப்புவது. அதற்கு முந்திப் பிரித்தல் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சியாமீஸ், பர்மீஸ் போன்ற இனங்களில் அது கூடுதல்.

மகனின் படுக்கை விளக்கம் கேட்க இனிமையானது. காட்டில் வாழ்ந்த முன்னோர் புல்லை மிதித்துப் படுத்தன, அதன் மிச்சம் இது என்பார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. பிசைவு பிறந்த முதல் நாட்களிலேயே, படுக்கை போடும் தேவை வருமுன்பே தொடங்கிவிடுகிறது. படுக்கை போடுவதுதான் நோக்கம் என்றால், ஏற்கெனவே சமமாக இருக்கும் பிளாங்கட்டில் பத்து நிமிடம் என்ன வேலை? மடியில் படுத்தவாறே என் தொடையைப் பிசைவது எதற்கு? தவிர, பூனை பெரிதாகக் கூடு கட்டும் மிருகமே அல்ல. குட்டி போடும் தாய்ப்பூனைகூட மறைவான இடம் தேடி அலுமாரிக்குள் புகுமே தவிர, கட்டிக்கொண்டிருக்காது.

கணவரின் மண விளக்கத்தில் பாதி நியாயம். பூனையின் விரலிடையில் மணச் சுரப்பிகள் இருக்கின்றன, கால்பட்ட இடத்தில் அதன் மணம் ஒட்டும். சோபாவைக் கீறும்போது அது ஒரு முக்கிய காரணமும்கூட. பிசையும்போதும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ஆனால் அது கூடவே வரும் பலன், காரணம் அல்ல. நான் தேங்காய் பிழிந்தால் கையில் மணம் பிடிக்கும், அதற்காகவா பிழிகிறேன்?

## பிசைவு மாதிரித் தெரியும், ஆனால் அல்ல

பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்தால் முன்பக்கத்தைத் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னங்காலால் மிதிக்கும். கூடவே ஊரைக் கூட்டும் கத்தல். கடுவன் சில வேளை போர்வையின் ஒரு மடிப்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, அதன்மேல் கால் பரப்பி நின்று பின்னங்காலால் மிதிக்கும். இனப்பெருக்கச் சத்திரசிகிச்சை செய்த கடுவன்களும் இதைச் செய்வதுண்டு. இவை இரண்டும் இனச்சேர்க்கை நடத்தைகள், பால்குடியோடு தொடர்பில்லை. எந்தக் கால் வேலை செய்கிறது என்று பார்த்தாலே பிரித்துவிடலாம்: பாலுக்கான பிசைவு முன்னங்காலுடையது.

கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. பிசைந்துகொண்டே துணியைச் சூப்புவதோடு நில்லாமல் கடித்து விழுங்கினால், நூலும் துணியும் குடலில் அடைத்துக்கொள்ளலாம். அந்தத் துணியைப் பூனைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மற்றது, வழக்கமாகப் பிசையும் வயதான பூனை திடீரென்று நிறுத்திவிடுவது. மூட்டு வலியோ, உள்ளங்காலில் காயமோ, சதைக்குள் வளைந்து ஏறிய நகமோ இருக்கலாம். காலை மெல்ல விரித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்தே பிசையாத பூனையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, அப்படியும் உண்டு.

## நகம் தொடையில் ஏறும்போது

பிளாங்கட் என்றால் நூல்தான் போகும். தொடை என்றால் வலிக்கும். அதுவும் இந்த ஊரில் வீட்டில் உடுப்பதே மெல்லிய பருத்திதானே. பூனை வேண்டுமென்று நகம் ஏற்றுவதில்லை. விரலை மடக்கி இழுக்கும் அதே தசைநார்தான் நகத்தையும் வெளியே தள்ளுகிறது. பிசைவு என்றால் நகம் வரத்தான் செய்யும்.

ஆகவே அடிப்பதும் உறுக்குவதும் பயனில்லை. தாயிடம் இருப்பதைப்போலத் தளர்ந்த நேரத்தில் அடி விழுந்தால், மடி பாதுகாப்பான இடமல்ல என்று மட்டும்தான் அது படிக்கும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை நக நுனியை வெட்டுங்கள். விரலின் மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அதில் இரத்தமும் நரம்பும் ஓடுகின்றன, அதைத் தொடாமல் அதற்கு முன்னாலுள்ள வெள்ளை நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நித்திரைக் கலக்கத்தில் இருக்கும்போது, ஒரு நாளைக்கு ஒரு கால் என்று வெட்டினால் சண்டை இல்லை.

நான் சோபாவின் கைபிடியில் ஒரு தடித்த துவாயை நாலாக மடித்து வைத்திருக்கிறேன். சீனி மடியில் ஏறி முதலாவது கால் விரல்களை விரிக்கும்போதே அதை எடுத்துத் தொடைமேல் செருகிவிட வேண்டும். கண் சொருகிய பிறகு செருகினால் எழும்பிப் போய்விடும். துவாய் தோய்த்து இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும், புதுச் சவர்க்கார மணம் அதற்குப் பிடிக்காது. நேற்றிரவு கொஞ்சம் பிந்திவிட்டேன். வலது தொடையில் நாலு சிவப்புப் புள்ளி இருக்கிறது.